படுக்கையில் சாய்ந்து படிக்க எந்தத் தலைமாட்டுப் பலகை? உயரம், சாய்வு, துணி: டர்பன் வீடுகளுக்கான ஒப்பீடு

தலைமாட்டுப் பலகை வாங்கக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது துணியை. அடுத்து நிறம், அதற்கடுத்து விலை. உயரத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கட்டிலின் அகலத்துக்குப் பொருந்தினால் போதும் என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். இரவில் புத்தகத்தோடு சாய்ந்து உட்காரும்போதுதான் பலகையின் மேல் விளிம்பு சரியாகக் கழுத்தில் வந்து நிற்பது தெரியும். அதன்பின் ஒரு தலையணை, பிறகு இரண்டு, பிறகு மூன்று. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அவை சரியும், அவற்றோடு நாமும் சரிவோம்.

படிப்பதற்காகவே பலகை தேர்ந்தெடுப்பதானால் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் உயரம், பிறகு சாய்வும் உள்ளே வைக்கும் ஃபோமும், கடைசியில் துணி. உயரம் தவறினால் எவ்வளவு நல்ல துணியும் அதை ஈடுகட்டாது. துணி தவறினால் மாற்றிக்கொள்ளலாம்.

கழுத்தைத் தவிர்க்கும் உயரம்

முதுகுச் சாய்மானத்துக்கு ஒத்துவரும் உயரங்கள் இரண்டுதான். பலகை தோள்பட்டைக்குக் கீழேயே முடிந்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னந்தலையைத் தாண்டி மேலே போக வேண்டும். தாழ்ந்த பலகை முதுகை மட்டும் தாங்கும், தலை தன் போக்கில் நிமிர்ந்து நிற்கும். உயர்ந்த பலகையில் தலையையும் சாய்த்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில், தோளின் மேற்பகுதியிலிருந்து மண்டையோடு தொடங்கும் இடம்வரை ஏறத்தாழ அரைச் சாண் பகுதி இருக்கிறது. பலகையின் விளிம்பு அங்கே வந்தால் அது கழுத்தை முன்னே தள்ளும். பலர் தங்கள் பலகை போதிய அளவு மென்மையாக இல்லை என்று குறைப்படுவது உண்மையில் இந்த விளிம்பைத்தான்.

இந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும், மெத்தைக்கு மெத்தையும் மாறும். அதனால் பட்டியல் பார்த்து உயரம் முடிவு செய்வதைவிட, வீட்டிலேயே குறித்துக்கொள்வது நல்லது. கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். பழைய பலகை இருந்தால் கழற்றிவிடுங்கள். தலைக்குப் பின்னால் சுவரில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இடுப்பைச் சுவரில் நன்றாகப் பதித்து உட்கார்ந்து, கையில் புத்தகத்தை எடுத்து ஐந்து நிமிடமாவது படியுங்கள். உட்கார்ந்தவுடன் அளந்தால் நிமிர்ந்த அளவுதான் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் உடல் இயல்பாகத் தளர்ந்து இரண்டு மூன்று செ.மீ. இறங்கியிருக்கும். இப்போது இன்னொருவர் பென்சிலால் மூன்று இடங்களைக் குறிக்கட்டும்: தோளின் மேல்மட்டம், கழுத்து முடிந்து மண்டையோடு தொடங்கும் இடம், பின்னந்தலை சுவரைத் தொடும் இடம். மூன்றையும் தரையிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளப்பது முக்கியம், ஏனென்றால் கடையில் சொல்லும் உயரமும் பெரும்பாலும் தரையிலிருந்துதான்.

ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சாட்ஸ்வொர்த்தில் இரண்டு குடும்பங்கள் நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடு. படுக்கையறை 3 மீட்டருக்கு 3 மீட்டர். 152 செ.மீ. அகலமுள்ள குவீன் அளவு பேஸ் செட். தரையிலிருந்து மெத்தையின் மேல்மட்டம்வரை 60 செ.மீ. கணவரின் மூன்று குறிகளும் 113, 124, 129 என்று வருகின்றன. மனைவிக்கு 107, 117, 122.

இதன்படி கணவரின் கழுத்துப் பகுதி 113 முதல் 124 வரை, மனைவியுடையது 107 முதல் 117 வரை. இருவருக்கும் பொதுவாகப் பார்த்தால் 107 முதல் 124 வரை எந்த உயரமும் ஒருவருக்காவது தொல்லை. கடையில் 120 செ.மீ. பலகை ஒன்று கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் கழுத்தை அது கடந்துவிட்டாலும், அவர் தலை சாயும் இடத்துக்கு இரண்டு செ.மீ. கீழேயே நின்றுவிடும். கணவருக்கோ நேராகக் கழுத்திலேயே விளிம்பு. பார்வைக்கு மிக அழகாக இருக்கக்கூடிய இந்தப் பலகையைத்தான் இந்த வீட்டில் வாங்கக்கூடாது.

மிச்சமிருப்பவை இரண்டு. தாழ்ந்த பலகை வேண்டுமென்றால் 105 செ.மீ.; அதாவது மெத்தைக்கு மேலே 45. உயர்ந்தது வேண்டுமென்றால், பின்னந்தலை தொடும் 129-க்கு மேல் ஐந்தாறு செ.மீ. சேர்த்து 135. விளிம்பு தலையின் சாய்மானப் புள்ளியிலேயே முடிந்தால் கொஞ்சம் நிமிரும்போதெல்லாம் தலை பின்னால் வழுக்கும். அந்த ஐந்தாறு செ.மீ. அதற்காகத்தான்.

இரண்டில் எது? அரை மணி நேரத்துக்கு மேல் படிக்கிறவருக்கு 135. படிக்கும்போது தலை முழு நேரமும் பலகையில் ஒட்டியிருக்காது. பக்கம் திருப்பும் இடைவெளியிலோ ஒரு பத்தியை யோசிக்கும்போதோ சாய்த்துக்கொள்ள இடம் இருந்தால் கழுத்துத் தசை இளைப்பாறும். கட்டிலுக்கு மேலே ஜன்னல் இருந்து அதன் கீழ்ச்சட்டம் 110 அல்லது 120-இல் தொடங்கினால் 105 செ.மீ. பலகையே பொருத்தம், உயர்ந்ததை வைத்தால் காற்றும் போகும், திரைச்சீலையும் சிக்கும்.

மெத்தை மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஐந்து செ.மீ. தடிமனில் மெத்தை மேல்விரிப்பு ஒன்று போட்டால் மூன்று குறிகளும் மேலேறும். புது மெத்தை வாங்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் வாங்கிவிட்டு அளவு எடுங்கள்.

நேர்ப் பலகையா, சாய்வுப் பலகையா

செங்குத்தான பலகையில் கால் நீட்டி உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் இடுப்பு முன்னே நழுவும். தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுப்பதுதான் காரணம். கால் நேராக நீண்டிருக்க இருக்க இழுப்பு கூடும். இடுப்பு ஒரு சாண் நழுவினால் கீழ்முதுகு அந்தரத்தில் நிற்கிறது, மேல்முதுகு மட்டும் பலகையைத் தொடுகிறது. முதுகு வில்லாக வளைகிறது. மறுநாள் காலையில் இடுப்பு பிடித்துக்கொள்வது இதனால்தான். பலகையைக் குறை சொல்வதற்கு முன் முழங்காலுக்கடியில் ஒரு தலையணை வைத்துப் பாருங்கள். முழங்கால் மடங்கியவுடன் அந்த இழுப்பு தளர்ந்துவிடும், இடுப்பு இடத்திலேயே நிற்கும். இதற்குச் செலவும் இல்லை.

அதுவும் போதவில்லை என்பவர்கள் சாய்வுப் பலகையை நினைக்கிறார்கள். அடிப்பகுதி முன்னே தள்ளி, மேல்விளிம்பு சுவரைத் தொடும்படி செய்வது இது. உட்கார மிகவும் சுகம், மறுக்க முடியாது. அறையின் நீளத்தைத்தான் அது தின்கிறது. மெத்தைக்கு மேல் 75 செ.மீ. உயரத்துக்குச் சாய்வு வேண்டும். பத்து டிகிரி சாய்த்தால் அடி 13 செ.மீ. முன்னே வரும், பதினைந்து டிகிரிக்கு 20 செ.மீ. கட்டிலும் அதே அளவு முன்னே நகரும்.

நம் 3 மீட்டர் அறையில் இதைப் போட்டுப் பார்ப்போம். மெத்தையின் நீளம் 188. எதிர்ச் சுவரில் 60 செ.மீ. ஆழமுள்ள அலமாரி. மிச்சம் 52 செ.மீ. நடைபாதை, ஒருவர் நேராக நடந்து போகலாம். பத்து டிகிரிச் சாய்வு வந்தால் 39. பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும், அலமாரிக் கதவும் முழுதாகத் திறக்காது. பதினைந்து டிகிரிக்கு 32. மெத்தை 2 மீட்டர் நீளமுள்ளதாக இருந்தால் இன்னும் 12 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள்.

அறை நீளம் மூன்றரை மீட்டருக்கு மேல் இருந்தால் சாய்வுப் பலகை செய்யச் சொல்லலாம். பின்னால் உண்டாகும் முக்கோண வெற்றிடத்தில் ஈரமும் தூசியும் தங்கும். பக்கங்களை முழுதாக அடைக்காமல் காற்றுக்கு வழி விடச் சொல்லுங்கள். சிறிய அறைக்கு நேர்ப் பலகையும், தேவைப்படும்போது மட்டும் எடுத்து வைக்கும் ஆப்பு வடிவ ஃபோம் திண்டும் போதும். அரை மீட்டர் உயரம், அடியில் 18 செ.மீ. தடிமன் என்று திண்டு வெட்டினால் ஏறத்தாழ இருபது டிகிரிச் சாய்வு கிடைக்கும். படித்து முடித்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். திண்டு வைத்தால் உடல் பின்னோக்கிச் சாய்வதால் தலை தொடும் இடம் சற்றுக் கீழே இறங்கும். அதனால் 135 செ.மீ. பலகை அப்போதும் பொருந்தும். 105 பலகை பொருந்தாமல் போகலாம்.

மற்ற பாணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புத்தக அலமாரியோடு சேர்ந்த பலகை புத்தகம் வைக்க வசதி, முதுகு சாய வசதியில்லை. தட்டின் விளிம்பு தோளைக் குத்தும். பட்டன் வைத்துக் குழித்துத் தைத்த பலகை கண்காட்சிக்கு அழகு. பட்டன் முதுகுத்தண்டில் படும், குழிகளில் முடியும் தூசும் சேரும், கடற்காற்று வீசும் ஊரில் துணிக்குள் இருக்கும் இரும்பு பட்டன் துருப்பிடித்துச் சுற்றிலும் பழுப்பு வளையம் விடும். செங்குத்தாக வரிவரியாகத் தைத்தது பரவாயில்லை, வரி ஒவ்வொன்றும் 12 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் முதுகுக்குத் தெரியாது. குறுக்கு வரிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சரியும்போது சட்டை அவற்றில் மாட்டி மேலே சுருண்டுகொள்ளும்.

தாத்தா பாட்டி காலத்து மரப்பலகை வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போடத் தேவையில்லை. உயரம் சரியாக இருந்தால் மேலே ஒரு கம்பி பொருத்தி, பட்டை வைத்துத் தைத்த இரண்டு தட்டையான மெத்தைகளைத் தொங்கவிடலாம். ஆளுக்கொன்று. கழற்றித் துவைக்கலாம், அவரவர் உயரத்துக்குப் பட்டையை ஏற்றி இறக்கலாம். உயரம் வேறுபடும் தம்பதியருக்கு என் மனதுக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். பட்டையின் கொக்கி முதுகில் படாதபடி பின்பக்கம் வரவேண்டும், அவ்வளவே.

உள்ளே என்ன இருக்கிறது

ஆடம்பரமாகத் தெரியட்டும் என்று பத்து செ.மீ. மென்மையான ஃபோம் வைப்பவர்கள் உண்டு. கடையில் அரை நிமிடம் சாய்ந்தால் அருமையாக இருக்கும். வீட்டில் அரை மணி நேரம் சாய்ந்தால் தோள்கள் உள்ளே அமிழ்ந்து, முதுகு தாங்கலின்றி வளைந்து, கடைசியில் பின்னாலிருக்கும் பிளைவுட் தட்டுப்படும். படிப்பதற்கு இறுக்கமான ஃபோம் வேண்டும். 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 5 செ.மீ. இறுக்கமான ஃபோம், அதற்கும் மேல் ஒரு செ.மீ. பாலியஸ்டர் பஞ்சுப் படலம். இந்த மூன்று அடுக்கும் போதும். பஞ்சுப் படலம் முதல் தொடுகையை மென்மையாக்குகிறது, துணி ஃபோமின்மேல் நேரடியாக உரசித் தேய்வதையும் தடுக்கிறது.

ஃபோம் வாங்கும்போது அடர்த்தியும் இறுக்கமும் வேறுவேறு என்பதை நினைவில் வையுங்கள். அடர்த்தி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்கிறது. இறுக்கம் அழுத்தினால் எவ்வளவு அமிழும் என்பதை. அடர்த்தி கூடிய ஃபோம் மென்மையாகவும் இருக்கலாம். கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியில் இறுக்கமான வகை என்று கேளுங்கள். துண்டு ஃபோம்களை ஒட்டிச் செய்த சிப் ஃபோம் மலிவு, ஆனால் முதுகுக்கு மிகக் கடினம், மெல்லிய துணிக்கு மேலே மேடுபள்ளம் தெரியும்.

குஷன் வேலை செய்பவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். மேல் விளிம்பில் ஃபோம் பிளைவுட்டைவிட ஒரு செ.மீ. கூடுதலாக நீட்டியிருக்கிறதா? துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடிக்கும்போது விளிம்பில் ஃபோம் நசுங்கும். கூடுதல் இல்லையென்றால் அந்த இடத்தில் மரத்தின் கூர்மை கையில் தட்டுப்படும். முடிந்த பலகையின் மேல் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

எண்ணெய்த் தலையும் ஈரக்காற்றும்

துணியின் விஷயத்தில் நம் வீடுகளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தேங்காயெண்ணெய், மற்றொன்று டர்பனின் கோடைகாலம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அறைக்குள் துணியெல்லாம் நமுத்துப்போகும் ஊர் இது. லெனேசியாவில் இருக்கும் உறவினர் வீட்டில் பத்தாண்டு உழைத்த பொருள் இங்கே அத்தனை காலம் நிற்காமல் போகலாம். அங்கே உயர்நிலத்தின் வறண்ட காற்று.

கடைகளில் தோல் போலத் தெரியும் பொருள் இரண்டு வகை. பாலியூரித்தேன் பூச்சுள்ளது ஒன்று. தொட்டால் மென்மை, பார்த்தால் உண்மைத் தோல் மாதிரியே. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் முறையில் சிதைகிறது. முதலில் பிசுபிசுப்பு, பிறகு மயிரிழை வெடிப்பு, பிறகு செதில் செதிலாக உரிந்து தலையணையில் ஒட்டும். தலை சாயும் இடத்தில் எண்ணெயும் வியர்வையும் சேர்வதால் அங்கேதான் முதலில் தொடங்கும். உரியத் தொடங்கியபின் செய்வதற்கு எதுவுமில்லை. டர்பனில் படிப்பதற்கான பலகைக்கு இதை வாங்காதீர்கள்.

மற்றது நாம் ரெக்சின் என்று சொல்லும் வினைல். ஈரத்தில் அப்படி உரியாது, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எண்ணெய் நாள்பட ஊறினால் அதன் வளைதன்மை போய் விறைத்து வெடிக்கும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் அதைப் பல காலம் தள்ளிப்போடலாம். கோடையில் வெற்று முதுகோடு சாய்ந்தால் ஒட்டிக்கொள்வதுதான் அதன் குறை. உண்மைத் தோலும் அப்படித்தான் ஒட்டும், அதோடு காற்றோட்டம் இல்லாத அறையில் பூஞ்சைப் புள்ளி விழும். விலையையும் சேர்த்துப் பார்த்தால் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

லினனும் பருத்தியும் உடலுக்குக் குளுமை, எண்ணெயை மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் உறிஞ்சிவிடும். எண்ணெய் துணியோடு நின்றுவிடாமல் ஃபோமுக்கும் இறங்கும். சில மாதங்களில் தலையளவு மஞ்சள் வட்டம் தெரியும், அதோடு பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் வரும். ஃபோம்வரை இறங்கிய வாடையை எந்தச் சோப்பும் எடுக்காது. சுருள் நூலாலான பூக்ளே துணியில் ஹேர்பின்னும் ஜிமிக்கியும் மாட்டி நூலை இழுத்துக்கொண்டு வரும்.

பாலியஸ்டர் வெல்வெட் இவற்றுக்கு இடைப்பட்டது. எண்ணெய் உடனே ஆழத்துக்கு இறங்காது, துடைக்க அவகாசம் கிடைக்கும். ஒட்டாது, குளிர்காலத்தில் சில்லென்றும் இருக்காது. தலை சாயும் இடத்தில் மயிர் படிந்து பளபளக்கும். மென்மையான தூரிகையால் வாரினால் ஓரளவு நிமிரும். பருத்தி வெல்வெட் இதற்கு ஈடாகாது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே தடம் விழும்.

துணி வாங்கும்போது வெல்வெட்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. நம் பலகை 160 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், ஓரம் சுற்றி மடிக்க நான்கு பக்கமும் 14 செ.மீ. சேர்த்து 188-க்கு 118 துணி வேண்டும். துணியின் அகலம் பொதுவாக 140 செ.மீ. சாதாரணத் துணியைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டால் 118 அந்த 140-க்குள் அடங்கிவிடும். ஒட்டே இல்லாமல் இரண்டு மீட்டரில் வேலை முடியும். வெல்வெட்டின் மயிர் கீழ்நோக்கிப் படிய வேண்டும். அதைப் படுக்கப்போட்டால் மயிரும் பக்கவாட்டில் படிந்து, கட்டிலின் இடப்பக்கத்திலிருந்து ஒரு நிறமும் வலப்பக்கத்திலிருந்து வேறொரு நிறமும் தெரியும். ஆகவே நேராகவே வெட்டி, இரண்டு துண்டுகளைத் தைத்துச் சேர்க்க வேண்டும்; ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆகும். தையலை நட்டநடுவில் விடாமல், முழு அகலத் துண்டை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சிறு துண்டுகளைச் சேர்க்கச் சொன்னால் பார்வைக்கும் நன்றாயிருக்கும், முதுகிலும் தையல் படாது.

எந்தத் துணியாக இருந்தாலும் எண்ணெய்த் தலைக்கு நேரடியாகக் கொடுக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வீடுகளில் நாற்காலி முதுகின் மேல் ஒரு வெள்ளைத் துணி கிடக்கும். ஆண்கள் தலைக்குத் தடவிய மக்காசர் எண்ணெய் நாற்காலியில் படியாமலிருக்கத்தான் அது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே மக்காசருக்கு எதிரானது என்ற பொருள் இருக்கிறது. நமக்கும் அதே மருந்து. ஆளுக்கொன்றாக 50 செ.மீ. அகலமுள்ள கெட்டிப் பருத்தித் துண்டு, முன்பக்கம் 40 செ.மீ. தொங்கட்டும், பின்பக்கம் 15 செ.மீ. மடங்கி வெல்க்ரோவில் ஒட்டட்டும். தலையணை உறை மாற்றும் நாளில் இதையும் மாற்றினால் போதும். இரண்டு ஜோடி தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கறை பட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், எண்ணெய் உள்ளே இறங்கும். சோளமாவைத் தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டு, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள். கடைசியில் மின்விசிறிக் காற்றில் முழுதாக உலர வேண்டும்.

சுவரில் மாட்டுவதா, கட்டிலில் பூட்டுவதா

பேஸ் செட்டோடு இரண்டு கால் வைத்துப் போல்ட் போடும் பலகை எளிது, வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. சாய்ந்து படிக்கிறவருக்கு அது ஆடும். நெம்புகோல் கணக்குத்தான் காரணம். போல்ட் தரையிலிருந்து 25 செ.மீ.யில் இருக்கிறது, நாம் தள்ளுவது 110-இல். 85 செ.மீ. நீளமுள்ள கையால் நெம்புகிற மாதிரி. பத்து கிலோ எடையளவு தள்ளினாலும், பத்து செ.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளில் 85 கிலோ அளவுக்கு இழுப்பு விழும். போல்ட் தளரும், மரத்துளை பெருகும், கீச்சென்ற சத்தம் தொடங்கும்.

பலகை சுவரில் ஒட்டியிருந்தால் சுவரே அந்தத் தள்ளலைத் தாங்கிவிடும். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை காலைத் தடுப்பதால் மேலே இரண்டு செ.மீ. இடைவெளி விழுந்துவிடுகிறது. அந்த இடைவெளியை அளந்து, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே பலகையின் பின்புறம் இரண்டு ரப்பர் கட்டைகள் ஒட்டுங்கள். கட்டில் சக்கரத்தில் நிற்பதானால் சக்கரத்தைப் பூட்டுங்கள், அல்லது அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கால் போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு இரவும் கட்டில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே ஓடி, நடுவில் தலையணையை விழுங்கும் பள்ளம் உண்டாகும்.

சொந்த வீடென்றால் சுவரில் மாட்டுங்கள். தரைவரை பலகை வேண்டாம். நம் கணக்கில் மெத்தை மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ.யில், அதாவது தரையிலிருந்து 45-இல் தொடங்கி 135-இல் முடிந்தால் போதும். 160-க்கு 90 பலகை 2440-க்கு 1220 மி.மீ. பிளைவுட் தாள் ஒன்றில் வந்துவிடும். ஃபோம், துணி எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோவுக்குள்தான் இருக்கும்.

மாட்டுவதற்கு 2 செ.மீ. தடிமனுள்ள மரச்சட்டம் ஒன்றை நீளவாக்கில் 45 டிகிரிச் சாய்வாக இரண்டாக அறுக்கவும். ஒன்றைச் சாய்வு மேல்நோக்கிச் சுவர்ப்பக்கம் சரிந்திருக்கும்படி சுவரில் பூட்டவும். மற்றதைத் தலைகீழாகப் பலகையின் பின்னால் பூட்டவும். பலகையைத் தூக்கி வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று கவ்விக்கொள்ளும். செங்கல் சுவருக்கு 8 மி.மீ. ரால் பிளக்கும் 80 மி.மீ. திருகும் நான்கு இடத்தில் போதும். துளைக்கும்போது திடீரென்று மெத்தென்று உள்ளே போனால் அது செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்து, நாலு செ.மீ. மேலே தள்ளித் துளையுங்கள். மின் பிளக்கிலிருந்து கம்பி பெரும்பாலும் நேர் மேலே ஓடும், ஆகவே பிளக் இருக்கும் இடத்துக்கு மேலே இரு பக்கமும் 15 செ.மீ. விட்டுவிடுங்கள்.

பலகையின் கீழ் விளிம்பிலும் அதே 2 செ.மீ. தடிமனில் ஒரு கட்டை வைக்க மறக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி சுவரை நோக்கி உள்ளே போய், மேல்விளிம்பு முன்னே சாய்ந்து தலையைத் தள்ளும். இந்த 2 செ.மீ. இடைவெளியில் காற்றும் ஓடும்; வெளிச்சுவரில் மழைக்கால ஈரம் துணியில் ஏறிப் பூஞ்சை பிடிப்பதை அது தடுக்கும். பக்கத்து வீட்டோடு பகிரும் நடுச்சுவராக இருந்தால் கட்டைகளின் முகத்தில் ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். நீங்கள் பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டு ஆயாவுக்குக் கதவு தட்டுவது போலக் கேட்க வேண்டாம்.

நாளைக்கு மெத்தை மாற்றி, அது பழையதைவிட 6 செ.மீ. உயரமாக வந்தால், பலகையைத் தூக்கிக் கழற்றிச் சுவர்ச்சட்டத்தை மட்டும் 6 செ.மீ. மேலே பூட்டினால் கணக்கு நேராகிவிடும். பழைய நான்கு துளைகளும் பலகைக்குப் பின்னாலேயே மறைந்துவிடும்.